இரண்டு யூனிட் இருந்தும் ஏழு முறை சூடேறிய குளிர் அறை: ஒரு கோளாறு மரத்தின் கதை

பின்னணி

மைனஸ் 20 டிகிரியில் உறைந்த சரக்கு வைக்கும் நடுத்தர அளவு குளிர் அறை அது. இரண்டு தனித்தனி யூனிட். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு கம்ப்ரசர், வெளியே ஒரு கண்டென்சர், அறைக்குள் ஒரு குளிர் காயில். குளிரூட்டும் கேஸ் இரண்டிலும் ஆர்-404ஏ. சாதாரண நாளில் இரண்டும் மாறி மாறி நின்று ஓடும், ஒன்று பழுதானால் மற்றது தனியாகவே அறையைத் தாங்கிக்கொள்ளும் என்றுதான் வடிவமைத்திருந்தார்கள். அது பொய்யில்லை, பின்னால் நாங்களே சோதித்துப் பார்த்ததில் ஒரு யூனிட் மட்டும் ஓடி மைனஸ் 18-ல் அறையை நிறுத்தியது.

ஆனாலும் 150 நாளில் ஏழு முறை அறை மைனஸ் 12-ஐத் தாண்டி மேலே போயிருந்தது. ஏழாவது முறைக்குப் பிறகுதான் என்னை அழைத்தார்கள். போகும்போதே என்னிடம் சொல்லப்பட்டது, "இரண்டும் சேர்ந்து சேர்ந்து நிற்குது சார், கம்பெனி கொடுத்த மெஷினே சரியில்லை."

அதுவரை செய்த பழுதுபார்ப்பு

ஏழு முறையும் மெக்கானிக் வந்திருக்கிறார், ஏழு முறையும் ஏதோ ஒன்றை மாற்றியிருக்கிறார் அல்லது சரிசெய்திருக்கிறார். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்து வெட்டும் கான்டாக்டர் இரண்டு, ஒரு கண்டென்சர் ஃபேன் மோட்டார், ஒரு ஹை பிரஷர் சுவிட்ச், காயிலில் கட்டும் பனியை உருக்குகிற, கருகிப்போன ஒரு டிஃப்ராஸ்ட் ஹீட்டர், ஒரு முறை கேஸ் நிரப்பல். இதையெல்லாம் வீண் வேலை என்று நான் சொல்ல மாட்டேன். கழற்றி வைத்திருந்த கான்டாக்டரை எடுத்துப் பார்த்தேன், முனைகள் உண்மையிலேயே கரிந்து குழிவிழுந்திருந்தன, அந்த ஃபேன் மோட்டாரின் பேரிங்கும் போயிருந்தது. அவர் மாற்றியது எல்லாமே மாற்ற வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு அறை சூடேறியது அந்தப் பொருளால்தானா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் மாற்றிவிட்டு ரீசெட் செய்ததும் மெஷின் ஓடியது, ஓடியதால் காரணம் அதுதான் என்று ஆகிவிட்டது. ரீசெட் மட்டும் செய்திருந்தாலும் ஓடியிருக்கும்.

இந்த இடத்தில்தான் கோளாறு மரம் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தோம். ஃபால்ட் ட்ரீ என்று சொல்வார்களே, அதுதான். 1962-ல் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் ஏவுகணைக் கட்டுப்பாட்டு அமைப்புக்காக உருவான முறை. நடக்கக்கூடாத ஒன்றை உச்சியில் எழுதி, அது நடக்க நேர் கீழே என்ன நடந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். ஏதாவது ஒன்று போதும் என்றால் 'அல்லது' கேட். எல்லாம் சேர்ந்தால்தான் என்றால் 'மற்றும்' கேட். ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் இருந்தால் போதும், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

உச்சியில் எதை எழுதுவது

இதற்கே அரை நாள் ஆனது. கண்காணிப்பாளர் 'கம்ப்ரசர் ட்ரிப்' என்று எழுதச் சொன்னார், அதாவது பாதுகாப்பு சுவிட்ச் வெட்டி கம்ப்ரசர் நிற்பது. அப்படி எழுதினால் ஒரு கம்ப்ரசர் நின்றதும், இரண்டும் நின்று சரக்கு இளக ஆரம்பித்ததும் ஒரே கணக்கில் வந்துவிடும். நமக்கு வலிக்கிற இடம் சரக்கு. அதனால் உச்சி நிகழ்வை இப்படி எழுதினோம்: 'அறையின் நடு சென்சார் மைனஸ் 12-க்கு மேல் 30 நிமிடம் தொடர்ந்து இருப்பது'.

இப்படி எழுதியதில் ஒரு விஷயம் வெளியே வந்தது. கதவு மூடி, சரக்கு நிறைந்த அறையில் இரண்டு யூனிட்டும் நின்றால்கூட மைனஸ் 20-லிருந்து மைனஸ் 12 வர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. அந்த ஐந்து மணி நேரத்துக்குள் யாராவது வந்து ரீசெட் பட்டனை அமுக்கினால் உச்சி நிகழ்வு நடக்காது. ஆக உச்சிக்கு நேர் கீழே இருப்பது ஒரு 'மற்றும்' கேட்: இரண்டு யூனிட்டும் குளிர் தராமல் போக வேண்டும், அது ஐந்து மணி நேரம் யாருக்கும் தெரியாமலும் இருக்க வேண்டும். இந்த 'யாருக்கும் தெரியாமல்' என்ற பாதி அதுவரை யார் பேச்சிலும் வரவே இல்லை.

மின்சாரம் முழுக்கப் போவதை மரத்துக்கு வெளியே வைத்தோம், ஏழு சம்பவத்தில் ஒன்றுகூட நீண்ட மின்வெட்டால் வந்ததில்லை என்பதால். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

லாக் புக்கில் கிடைத்தது

மரம் வரைவதற்கு முன்னால் ஏழு சம்பவத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினோம். நான்கு, மதியம் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில், கடும் வெயில் நாட்களில். இரண்டு, இரவில் நடந்து காலையில் கதவைத் திறந்தபோது தெரிந்தது. மீதி ஒன்று குளிர் காயிலில் பனி கட்டியது.

அந்த லாக் புக்கில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு கம்ப்ரசருக்கும் ஒரு ஹவர் மீட்டர் உண்டு, ஓடிய மணி நேரத்தை எண்ணும். திங்கள்தோறும் காலையில் உதவியாளர் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அழகான கையெழுத்து, ஒரு வாரம்கூட விடவில்லை. ஆனால் முந்தைய வாரத்திலிருந்து கழித்துப் பார்க்க அந்தப் பக்கத்தில் கட்டமே இல்லை, யாரும் கழிக்கவும் இல்லை. நான் பென்சிலால் ஓரத்தில் கழித்துக்கொண்டே வந்தேன். சாதாரண வாரத்தில் இரண்டும் ஆளுக்கு 75-லிருந்து 80 மணி ஓடியிருந்தன. ஒரு பக்கத்தில் இரண்டாம் யூனிட்டின் எண் ஒரு திங்கள் 4318, அடுத்த திங்கள் 4331. ஒரு வாரம் முழுக்க 13 மணி நேரம்தான். அதே வாரம் முதல் யூனிட் 151 மணி ஓடியிருக்கிறது, ஒரு வாரத்தில் மொத்தமே 168 மணிதான்.

அந்தத் திங்கள் மதியம் இரண்டு மணிக்குத்தான் மூன்றாவது சம்பவம். அதற்கான குறிப்பில் 'இரண்டு யூனிட்டும் ட்ரிப்' என்று எழுதியிருந்தது. இல்லை. இரண்டாவது யூனிட் முந்தைய செவ்வாய்க்கிழமையே நின்றுவிட்டது. ஆறு நாள் முதல் யூனிட் தனியாக இழுத்திருக்கிறது, ஆறாவது நாள் அதுவும் விழுந்தது. போய்ப் பார்த்தவர் இரண்டு யூனிட்டின் ரீசெட் பட்டனும் வெளியே வந்திருப்பதைப் பார்த்து இரண்டும் ஒன்றாகப் போனதாக எழுதிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அந்தப் பட்டனில் விளக்கும் கிடையாது, நேரமும் பதியாது. யூனிட் நின்றிருப்பதைப் பார்த்தாலும், மாறி மாறி நிற்பது அதன் வழக்கம்தான் என்பதால் சந்தேகம் வராது.

மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் திங்கள்தோறும் மாலையில் வந்து பார்ப்பவர். "பட்டன் வெளியே வந்திருந்தா அமுக்கிவிட்டுப் போவேன் சார், அதையெல்லாம் எழுதறதில்லை" என்றார். ஹவர் மீட்டர் கணக்கையும் அவர் நினைவையும் சேர்த்துப் பார்த்ததில், அந்த 150 நாளில் ஒரு யூனிட் மட்டும் நின்றது இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ பன்னிரண்டு முறை. அதாவது ஒவ்வொன்றும் 25 நாளைக்கு ஒரு முறை. நாங்கள் ஏழு பழுது என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் இவ்வளவு.

நாலு மதியச் சம்பவத்தில் மூன்றிலும், பனி கட்டிய சம்பவத்திலும் இன்னொரு யூனிட் முன்பே நின்று கிடந்தது. ஏழில் நான்கு. ஒரே ஒரு மதியம் மட்டும்தான் இரண்டும் உண்மையிலேயே ஒன்றையொன்று தொடர்ந்து, அரை மணி இடைவெளியில் நின்றன.

இரவுச் சம்பவங்கள்: ஒரே ரிலே, மரத்தில் மூன்று இடத்தில்

முதல் வரைவில் மரம் பார்க்க நன்றாகவே இருந்தது. 'இரண்டு யூனிட்டும் நிற்பது' என்பதன் கீழே ஒரு 'மற்றும்' கேட், அதற்குக் கீழே இரண்டு கிளை. ஒவ்வொரு கிளையிலும் ஒரு 'அல்லது' கேட்: ஹை பிரஷர் ட்ரிப், மோட்டார் ஓவர்லோடு, லோ பிரஷர் ட்ரிப், காயிலில் பனி, சுவிட்சுகளை இயக்கும் மின்சாரமான கன்ட்ரோல் சப்ளை இல்லாமை. கடைசி ஒன்றை இரண்டு கிளையிலும் தனித்தனியாக எழுதியிருந்தோம். பேனலைத் திறந்து வயரைத் தொடர்ந்து போனபோதுதான் இரண்டு கன்ட்ரோல் சப்ளையும் ஒரே ஃபேஸ் ரிலேயைத் தாண்டித்தான் வருகின்றன என்று தெரிந்தது. மூன்று ஃபேஸும் சமமாக இருக்கிறதா, ஒன்று விட்டுப்போனதா என்று பார்த்து மோட்டாரைக் காப்பாற்றுவதற்கான ரிலே. அது விழுந்தால் கையால் ரீசெட் செய்யும்வரை எழாது.

முதல் யூனிட்டின் சொந்தக் கோளாறுகளை A, இரண்டாவதின் சொந்தக் கோளாறுகளை B, ரிலே விழுவதை P என்று வைத்துக்கொண்டால்:

```
(A + P)(B + P) = A·B + P
```

கூட்டல் 'அல்லது', பெருக்கல் 'மற்றும்'. பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி விரித்தால் `A·B + A·P + P·B + P·P` வரும். `P·P` என்பது வெறும் `P`. ரிலே விழுந்ததும் விழுந்ததும் சேர்ந்தால் ரிலே விழுந்ததுதானே. அப்புறம் `A·P`, `P·B` இரண்டும் P-க்குள்ளேயே அடங்கிவிடும், ரிலே தனியாக விழுந்தாலே போதும் என்னும்போது A-யும் கூட வேண்டும் என்று எழுதுவதில் பொருளில்லை. மிஞ்சுவது `A·B` என்ற ஜோடியும், P என்ற தனி ஆளும். இப்படி உச்சியை எட்டப் போதுமான மிகச் சிறிய கூட்டணிகளைக் கட் செட் என்பார்கள். இரண்டு யூனிட் வாங்கிப்போட்ட பாதுகாப்பு, இந்த ஒரு ரிலே விஷயத்தில் இல்லவே இல்லை.

ஆனால் மேலே இன்னொரு 'மற்றும்' கேட் இருக்கிறதே, யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டுமே, அலாரம் அடிக்குமே என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அறை நல்ல குளிரில் இருந்த ஒரு காலையில், எல்லோரும் நிற்கும்போது ரிலேயின் டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொன்னேன். இரண்டு கம்ப்ரசரும் நின்றன. அதோடு சேர்ந்து எதிர்ச் சுவரில் இருந்த அலாரம் பெட்டியின் பச்சை விளக்கும் அணைந்தது, வெப்பநிலை காட்டும் எண்களும் மறைந்தன. சப்ளையை அதே ரிலேக்குப் பின்னாலிருந்து இழுத்திருக்கிறார்கள், பக்கத்தில் வயர் இருந்ததால். அறைக்குள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கண்காணிப்பாளர் மட்டும், "அப்போ ராத்திரி அது அடிக்காததுக்கு இதுதானா" என்றார்.

அலாரம் அடிக்காமல் இருப்பதற்கான காரணங்களை `P + W` என்று எழுதினால் (W என்பது அலாரத்தின் வேறு குறைகள்), இரவுச் சம்பவம் `P·(P + W)`. சுருக்கினால் மறுபடியும் P. இரண்டு 'மற்றும்' கேட்டை ஒரே ரிலே துளைத்துக்கொண்டு உச்சிக்குப் போகிறது. இரவில் சில நொடி மின்சாரம் தடுமாறி வந்தால் போதும்.

காலையில் வந்தவர் ரீசெட் செய்ததும் எல்லாமே உயிர் பெற்றுவிட்டதால் அது வெறும் 'ட்ரிப்' ஆகிவிட்டது. மெக்கானிக் வந்து கரிந்த கான்டாக்டரைப் பார்த்து மாற்றினார்.

மதியச் சம்பவங்கள்: தகரக் கூரை

மதியம் நின்றது பெரும்பாலும் ஹை பிரஷர் ட்ரிப். கண்டென்சரால் வெப்பத்தை வெளியே தள்ள முடியாதபோது அழுத்தம் ஏறும், இங்கே 27 பாரில் சுவிட்ச் வெட்டும். இரண்டு கண்டென்சரும் காற்றை மேல்நோக்கி ஊதுபவை. முந்தைய வருடம் வெயில் படக்கூடாது என்று நல்லெண்ணத்தில் அவற்றுக்கு மேலே, இரண்டடி உயரத்தில் ஒரு தகரக் கூரை போட்டிருந்தார்கள். ஊதிய சுடுகாற்று தகரத்தில் மோதித் திரும்பி வந்து பக்கவாட்டில் மறுபடி உள்ளே இழுபட்டது. வெளிக்காற்று 36 டிகிரி இருந்த மதியம் தெர்மாமீட்டரைப் பிடித்துப் பார்த்தோம். முதல் யூனிட் இழுக்கும் காற்று 41. சுவர் மூலையில் இருந்த இரண்டாவது யூனிட்டில் 45.

இதைக் கேஸின் அழுத்தமாக மாற்றிப் பார்த்தால் கதை புரியும். சுத்தமான காயிலில், இந்த மெஷினில், கேஸ் குளிர்ந்து திரவமாகும் வெப்பநிலை இழுக்கும் காற்றைவிட 12 டிகிரி மேலே இருக்கிறது. 36 டிகிரிக் காற்று கிடைத்தால் 48 டிகிரி, ஆர்-404ஏ-க்கு ஏறக்குறைய 21 பார். வசதியாக ஓடும். 45 டிகிரிக் காற்று என்றால் 57, அதாவது 26 பாருக்குப் பக்கம். இன்னும் வெட்டாது. அதன் மேல் காயிலில் தூசி அடைந்து நான்கு டிகிரி கூடினால் 61 டிகிரி, 28 பாரைத் தாண்டும், வெட்டிவிடும். கூரை இல்லாமல் வெயிலும் தூசியும் மட்டும் இருந்தால் 52 டிகிரி, 23 பார்தான். ஆக இங்கே இருப்பது மூன்று கால் உள்ள 'மற்றும்' கேட்: வெயில், கூரை, தூசி. மெக்கானிக் காயிலைக் கழுவியதும் சில வாரம் நிற்காமல் ஓடியதற்கும், பிறகு மறுபடி நின்றதற்கும் இதுதான் காரணம். ஒரு காலை எடுத்தார், அது மறுபடி வளர்ந்தது.

முதல் யூனிட்டுக்கு நான்காவது கால் ஒன்று வேண்டியிருந்தது. அதன் காற்று 41 மட்டும்தான், தூசியோடு சேர்ந்தாலும் 57 டிகிரி. ஆனால் தனியாக ஓடும்போது அறை சில டிகிரி மேலே இருக்கும், கம்ப்ரசருக்குள் வரும் கேஸ் அடர்த்தியாகும், வெளியே தள்ள வேண்டிய வெப்பமும் கூடும், அதில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி. அப்போது 27-ஐத் தொட்டது. அதாவது இரண்டாவது நின்றதே முதலாவதை நிறுத்தும் காரணங்களில் ஒன்று. சாதாரணக் கோளாறு மரத்தில் இந்த முன்-பின் வரிசையை வரைய முடியாது, 'மற்றும்' கேட்டுக்கு எது முதலில் வந்தது என்று தெரியாது. அந்த இடத்தில் பக்கவாட்டில் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

மதியம் அலாரம் வேலை செய்ததே, ஆளும் இருந்தார்களே? இருந்தார்கள். ஆனால் அந்த அலாரம் மைனஸ் 15-ஐத் தொட்ட நொடியே அடிக்கும்படி வைத்திருந்தது. ஒவ்வொரு டிஃப்ராஸ்டுக்கும், கதவைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து சரக்கு ஏற்றினாலும் அடிக்கும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை அடித்தால் யார்தான் பொறுப்பார்கள், பகலில் பஸ்ஸரை அணைத்து வைப்பது பழக்கமாகிவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு யூனிட் 25 நாளுக்கு ஒரு முறை நிற்கிறது. மெக்கானிக் வாரம் ஒருமுறை வருவதால், நின்றது சராசரியாக மூன்றரை நாள் தெரியாமல் கிடக்கும். அப்படியானால் எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் அது நின்று கிடக்க வாய்ப்பு 3.5-ஐ 25-ஆல் வகுத்தால் 0.14. அந்த நேரத்தில் மற்றதும் விழ வேண்டும், எது முதலில் விழுந்தாலும் சரி என்பதால் இரண்டால் பெருக்க வேண்டும்:

```
2 × (1/25) × 0.14 × 150 நாள் ≈ 1.7
```

இரண்டும் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியாகப் பழுதானாலே, 150 நாளில் ஒன்று அல்லது இரண்டு முறை ஜோடியாக நிற்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். ரிலேயை விட்டுவிட்டால் எங்களுக்கு நடந்தது ஐந்து. மீதியைக் கூரையும், தனியாக ஓடும் சுமையும் ஏற்றிவிட்டன. இவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அதற்கு மேல் நுணுக்கமாகப் பேசக்கூடாது.

கணக்கின் பயன் வேறு இடத்தில் இருந்தது. நின்ற யூனிட்டை மூன்றரை நாளுக்குப் பதிலாக ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டால் 0.14 என்பது 0.0017 ஆகிவிடும், 150 நாளுக்கு 1.7 என்பது 0.02. ஒரு கம்ப்ரசரைக்கூட நல்லதாக மாற்றாமல். இதைக் காட்டியபோதுதான் மூன்றாவது யூனிட் வாங்குவது பற்றிய பேச்சு நின்றது.

எடுத்த முடிவுகள்

கட் செட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வைத்து வேலையை வரிசைப்படுத்தினோம், தனி ஆள் முதலில். ரிலேயை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தோம், மின்சாரம் சீரானதும் தானே எழும்படி, ஒன்று மூன்று நிமிடத்திலும் மற்றது ஆறு நிமிடத்திலும், இரண்டு கம்ப்ரசரும் ஒரே நேரத்தில் கிளம்பாமல் இருக்க. தடுமாறிய மின்சாரம் இரண்டு ரிலேயையும் ஒன்றாகத் தள்ளத்தான் செய்யும், பிரித்ததால் அது மாறாது. தானே எழுவதுதான் அங்கே உண்மையான தீர்வு, பிரித்தது ரிலே தானே கெட்டுப்போனால் உதவும். அலாரத்துக்குத் தனி சப்ளையும் ஒரு பேட்டரியும்.

அடுத்து, ஒவ்வொரு யூனிட் ட்ரிப்புக்கும் ஒரு சிவப்பு விளக்கு, இரண்டு பேர் போனுக்குக் குறுஞ்செய்தி. ஓவர்லோடிலும் பிரஷர் சுவிட்சிலும் உபரி முனை ஏற்கெனவே இருந்தது, வயர் இழுப்பது மட்டும்தான் வேலை. வெப்பநிலை அலாரத்துக்கு 30 நிமிடத் தாமதம் வைத்தோம், டிஃப்ராஸ்ட் அதற்குள் முடிந்துவிடும். பஸ்ஸரை அணைக்கும் சுவிட்சைக் கழற்றிவிட்டோம்.

மதியக் கூட்டணியில் எந்தக் காலை எடுப்பது? வெயிலை ஒன்றும் செய்ய முடியாது. தூசி கழுவக் கழுவ வரும். கூரையை ஒருமுறை கழற்றினால் தீர்ந்தது, அதுவும் இரண்டு யூனிட்டின் கேட்டிலும் ஒரே சமயத்தில் காணாமல் போகும். கழற்றினோம், பேனலுக்கு மேல் மட்டும் நிழல் விட்டோம். காயில் கழுவுவதை நாள் கணக்கிலிருந்து எடுத்து, 12 டிகிரி இருக்க வேண்டிய வித்தியாசம் 15-ஐத் தொட்டால் கழுவுவது என்று மாற்றினோம்.

ஹை பிரஷர் சுவிட்சை 27-லிருந்து 30-க்கு ஏற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஏற்றியிருந்தால் மதியச் சம்பவங்கள் உடனே நின்றிருக்கும் என்பது உண்மைதான். மறுத்தோம். அது குழாயும் பாத்திரமும் வெடிக்காமல் காக்கிற சுவிட்ச், வெட்டியது அதன் வேலையைச் செய்ததால். அதைத் தானே எழும்படி மாற்றவும் இல்லை.

பிறகு நடந்தது

கூரை போனபின் இதே மாதிரி ஒரு 36 டிகிரி மதியத்தில் இரண்டு யூனிட்டும் இழுத்த காற்று 38. அடுத்த ஆறு மாதம் பார்த்தோம், அதில் வெயில் காலம் முழுக்க அடங்கும். ஒரு யூனிட் மட்டும் நின்றது நான்கு முறை, மூன்று ஓவர்லோடு, ஒன்று லோ பிரஷர். மூன்றை ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டார்கள். நான்காவது இரவில் நடந்தது, போன் சைலன்டில் இருந்ததால் மூன்று மணி நேரம் ஆனது, அதற்குள் மற்ற யூனிட் தாங்கிக்கொண்டது. மூன்று ஓவர்லோடும் ஒரே மோட்டாரில் என்பதால் அதைக் கழற்றிப் பார்த்தார்கள், ஒரு ஃபேஸின் இணைப்பு தளர்ந்து கருத்திருந்தது. முன்பென்றால் திங்கள் மாலையில் பட்டனை அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள்.

மைனஸ் 12-ஐத் தாண்டியது ஒருமுறை. ஒரு நாள் எட்டு மணி நேரம் மின்சாரம் போனது. அலாரம் பேட்டரியில் ஒழுங்காக அடித்தது, செய்தியும் வந்தது, வந்தவர்கள் கதவை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், வேறென்ன செய்ய முடியும். நாங்கள் மரத்துக்கு வெளியே வைத்த ஒரே விஷயம்.

மறுபடி செய்தால்

மின்வெட்டை வெளியே வைத்தது தப்பு. நடந்த ஏழை மட்டும் பார்த்து எல்லையைப் போட்டேன். உள்ளே எழுதியிருந்தால் அதுவும் ரிலே மாதிரி ஒரு தனி ஆள் என்று முதல் நாளே தெரிந்திருக்கும், ஜெனரேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு முடிவு செய்திருப்பார்கள். இப்போது வாடகை ஜெனரேட்டரை மாட்ட ஒரு இணைப்பு மட்டும் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, வயரைத் தொடர்ந்து பார்க்காமல் முதல் வரைவை முடித்தது. 'கன்ட்ரோல் சப்ளை' என்று இரண்டு கிளையில் இரண்டு பெட்டி போட்டபோதே, இவை இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டிருக்க வேண்டும், இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். மெக்கானிக்கை முதல் நாளே உட்கார வைத்திருந்தால் பட்டன் அமுக்கும் கதையும் சீக்கிரம் வந்திருக்கும். நான் அவரிடம் கடைசியில்தான் போனேன்.

லாக் புக்கில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது, போன வாரத்திலிருந்து கழித்த மணி நேரம் எழுத. இரண்டு யூனிட்டுக்கும் நடுவே 20 மணிக்கு மேல் வித்தியாசம் வந்தால் உதவியாளரே சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறார்.